கரும்புச்சாறு வண்டியும் பத்தொன்பதாம் ஷரத்தும்

ஒரு தொழிலையே தடை செய்கிற சட்டம் ஒன்றைக் கற்பித்து, அது அரசியல் சட்டத்துக்கு ஒத்ததா என்று கேட்கும் வினா சட்டக் கல்லூரிப் பரீட்சைகளில் ஆண்டுதோறும் ஏதாவதொரு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு விடையெழுதும் மாணவர்களில் பலர், தாங்கள் மனனம் செய்த தீர்ப்புகளின் பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, வினாவில் சொல்லப்பட்ட சங்கதிகளை ஏறெடுத்தும் பாராமல், சட்டம் செல்லும் என்றோ செல்லாது என்றோ ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தொழில் சுதந்திரம் பற்றிய வழக்குகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சங்கதிகளே. ஆகையால், அத்தகைய வினா ஒன்றை முழுமையாக எடுத்துக்கொண்டு, அதற்கு விடை எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்பதைச் சற்று நிதானமாகவே இங்கே ஆராய விரும்புகிறேன்.

வினா பின்வருமாறு. ஒரு மாநிலத்தில் அடுத்தடுத்து இரண்டு கோடைகளில் மூன்று மாவட்டங்களில் காலரா நோய் பரவிற்று. அரசாங்கம் நியமித்த நிபுணர் குழு, தெருவோரத்துக் கரும்புச்சாறு வண்டிகளிலும் சர்பத் கடைகளிலும் மாதிரிகள் எடுத்துச் சோதித்து, கிருமி காணப்பட்ட மாதிரிகள் யாவும் மீன் பதனிடுவதற்கென்று தயாராகும் பனிக்கட்டி சேர்க்கப்பட்டவை என்றும், குடிநீரில் உறைந்த பனிக்கட்டி சேர்ந்தவற்றிலும் பனிக்கட்டியே சேராதவற்றிலும் கிருமி காணப்படவில்லை என்றும் அறிக்கை தந்தது. மீன் பனிக்கட்டிக்கு நிறமேற்ற வேண்டும், இருவகைப் பனிக்கட்டிகளையும் தனித்தனி வண்டிகளில் கொண்டுசெல்ல வேண்டும், சாறு விற்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பவை அக்குழுவின் சிபாரிசுகள். அவற்றை ஏற்காமல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் 3 ஆம் பிரிவு, பனிக்கட்டி சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் உடனுக்குடன் பிழிந்த சாறு எதையும் மாநிலத்தில் எங்கும், எக்காலத்தும் விற்கக் கூடாது என்கிறது. 4 ஆம் பிரிவு, மீறுவோரின் வண்டியையும் இயந்திரத்தையும் பறிமுதல் செய்ய அதிகாரம் தருகிறது. 5 ஆம் பிரிவு, மூன்று நட்சத்திரத் தகுதியும் அதற்கு மேற்பட்ட தகுதியும் பெற்ற ஓட்டல்களுக்கு விலக்களிக்கிறது. சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறப்பட்டிருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாகக் கரும்புச்சாறு விற்று ஜீவனம் நடத்தும் ஒருவரும், பழச்சாறுக் கடைகள் நடத்தும் பதிவு பெற்ற கம்பெனி ஒன்றும் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். என்ன சொல்வது?

சட்டமியற்றும் அதிகாரம் பற்றி இங்கே நீண்ட விவாதம் வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலின் 6 ஆவது இனம். உணவுக் கலப்படம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மத்தியச் சட்டத்தோடு முரண் ஏற்படக்கூடுமாயினும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றதாக வினாவே சொல்லியிருப்பது, 254 ஆம் ஷரத்தின் (2) ஆம் கூறை நினைவில் வைத்து அந்த வாசலை அடைப்பதற்காகத்தான். அங்கே இரண்டு பக்கம் எழுதுகிற மாணவன் மதிப்பெண்ணுக்குரிய இடத்தை வீணாக்குகிறான்.

முதலில் நின்று பார்க்க வேண்டியது, உரிமை கோருகிறவர் யார் என்பது. 19 ஆம் ஷரத்தின் உரிமைகள் பிரஜைகளுக்கு மட்டுமே உரியவை. கரும்புச்சாறு வியாபாரி பிரஜை. தெருவோரத்தில் வியாபாரம் செய்வதும் 19(1)(ஜி)யின் பாதுகாப்புக்கு உட்பட்டதே என்று சோடன் சிங் வழக்கில் 1989இல் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கியிருக்கிறது. கம்பெனியின் நிலை வேறு. 1963இல் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழக்கில், பதிவு பெற்ற கம்பெனி சட்டத்தின் கண்ணில் ஒரு நபரேயாயினும் பிரஜை அல்ல என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆயினும், 1970இல் வங்கிகள் தேசியமயமாக்கப்பட்ட வழக்கில், கம்பெனிக்கு நேரும் கெடுதியால் தன் உரிமையும் பாதிக்கப்படுகிற பங்குதாரர், பிரஜை என்ற முறையில் தாமே நீதிமன்றம் வரலாம் என்று வழி திறந்துவிடப்பட்டது. ஆகவே கம்பெனிக்குக் கூற வேண்டிய ஆலோசனை, பங்குதாரர் ஒருவரையும் மனுதாரராகச் சேர்த்துக்கொள் என்பதே. இதோடு, 14 ஆம் ஷரத்து ‘எந்த நபருக்கும்’ சமத்துவம் தருவதால், நட்சத்திர ஓட்டல்களுக்கு அளித்த விலக்கைக் கம்பெனி தன் பெயரிலேயே எதிர்க்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, சாறு பிழிந்து விற்பது அரசியல் சட்டம் காக்கும் தொழில்தானா என்பது. இந்தக் கேள்விக்கு இடமிருப்பதற்குக் காரணம், சில காரியங்களை வியாபாரம் என்றே ஒப்புக்கொள்ள நீதிமன்றம் மறுத்திருப்பதுதான். 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் சூதாட்டத்தை அப்படி விலக்கிற்று. மதுவைப் பற்றி 1954இல் கூவர்ஜி பரூச்சா வழக்கிலும், பிறகு 1994இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கிலும், அதை விற்பதற்கு எவருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று கூறிற்று. அரசாங்கத்தின் வக்கீல் இங்கே, காலரா பரப்புகிற வியாபாரம் மட்டும் எப்படி உரிமையாகும் என்று கேட்பார். தன் இயல்பிலேயே தீங்கான வியாபாரத்துக்கும், கவனக்குறைவால் தீங்கு விளைக்கக்கூடிய வியாபாரத்துக்கும் உள்ள பேதத்தை இந்தக் கேள்வி மறைத்துவிடுகிறது. பாலும் இறைச்சியும் குடிநீரும்கூட அசுத்தமானால் உயிரைக் கொல்லும். அதனால் அவற்றை விற்பது சூதாட்டத்தோடு ஒன்றாகிவிடாது. கரும்பைப் பிழிவதில் தீங்கில்லை, சேர்க்கும் பனிக்கட்டியில்தான் தீங்கு என்று நிபுணர் குழுவே சொல்லியிருப்பதால் இந்த வாதம் நிற்காது.

இனி வருவது மாணவர்கள் அடிக்கடி வழுக்கி விழுகிற இடம். 19 ஆம் ஷரத்தின் (6) ஆம் கூறு அனுமதிப்பது ‘நியாயமான கட்டுப்பாடுகளை’; தடை கட்டுப்பாடாகாது, ஆகவே முழுத்தடை எப்போதும் செல்லாது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அப்படியன்று. தாமிர இறக்குமதி வியாபாரிகள் ஓர் அரசாங்க உத்தரவால் வியாபாரத்தினின்று அறவே ஒதுக்கப்பட்ட நரேந்திர குமார் வழக்கில், 1959 டிசம்பரில், கட்டுப்பாடு என்னும் சொல் தக்க சந்தர்ப்பத்தில் முழுத்தடையையும் உள்ளடக்கும் என்று நீதிமன்றம் கூறிற்று. ஆனால் அதனுடன் ஒரு நிபந்தனையையும் பிணைத்தது: கட்டுப்பாடு எவ்வளவுக்கு முழுத்தடையை நெருங்குகிறதோ, அவ்வளவுக்கு அதை ஆராயும் கண்ணும் கடுமையாக வேண்டும். 1969இல் முகமது பரூக் வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கி, முழுத்தடையால் மட்டுமே பொதுநலன் காக்கப்படும் என்று நிரூபிக்கும் பாரம் அரசாங்கத்தைச் சேர்ந்தது என்று கூறப்பட்டது. சட்டத்துக்குச் சாதகமான அனுமானம் உண்டு என்ற பொது விதியை மட்டும் பிடித்துக்கொண்டு, இந்தப் பாரத்தை மனுதாரரின் தலையில் ஏற்றிவிடுவது விடையின் அஸ்திவாரத்தையே கெடுத்துவிடும்.

அரசாங்கம் இன்னொரு வழியாகவும் வரும். தடை செய்ததெல்லாம் பிழிந்த சாற்றை மட்டுமே. வண்டிக்காரர் இளநீர் விற்கலாம், முத்திரையிட்ட புட்டிப் பானம் விற்கலாம். ஆகவே இது முழுத்தடையன்று, வியாபாரத்தின் ஒரு பகுதியை நீக்கியது மட்டுமே என்பது அதன் வாதம். இதற்கு வலுவான ஆதாரமும் உண்டு. 2005இல் மிர்சாபூர் மோத்தி குரேஷி கசாப் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வின் பெரும்பான்மை, காளைகளையும் எருதுகளையும் அறுப்பதை முற்றிலும் தடுத்தாலும் மற்றக் கால்நடைகளை அறுக்கக் கசாப்புக்காரருக்கு வழி இருப்பதால் அது தொழிலின் முழுத்தடை ஆகாது என்றது. நல்ல விடை இந்தத் தீர்ப்பை மறைக்காது; எதிர்கொள்ளும். கசாப்புக்காரரின் கத்தியும் கைத்திறனும் ஆட்டுக்கும் பயன்படும் என்பது அங்கே நீதிமன்றம் ஏற்ற நிலைமை. கரும்புச்சாறு வியாபாரியின் முதலீடு முழுவதும் ஒரே இயந்திரத்தில் இருக்கிறது. கரும்பை மடித்து இரும்பு உருளைகளுக்கிடையே இரண்டு மூன்று முறை செலுத்தி, எலுமிச்சையும் இஞ்சியும் நடுவே வைத்துப் பிழிந்தெடுப்பதன்றி அந்த இயந்திரம் வேறெதற்கும் உதவாது. அதையும் பறிமுதல் செய்ய 4 ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பழைய தொழிலின் கருவியைப் பறித்துவிட்டு, வேறொரு தொழிலைச் செய்துகொள் என்று சொல்வதை அந்தத் தொழிலின் ஒரு பகுதியை மட்டும் நீக்கியதாகக் கருத முடியாது. ஒருவேளை நீதிமன்றம் இந்த வேற்றுமையை ஏற்காவிட்டாலும், பாரம் சற்றே இலகுவாகுமேயன்றி, நியாயத்தன்மைச் சோதனை ஒழிந்துபோய்விடாது.

அந்தச் சோதனையின் மூலத்தைத் தேடிப் போனால், அரசியல் சட்டம் அமலுக்கு வந்து பத்து மாதம்கூட நிறையாத 1950 நவம்பர் 8 ஆம் தேதி வெளியான ஒரு தீர்ப்பில் கொண்டுபோய் விடும். சிந்தாமன் ராவ் வழக்கு என்று பெயர் பெற்ற அதை, பலரும் ஒரே வரியில் மேற்கோளாக்கிவிட்டு நகர்வதால், அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அப்போதைய மத்திய மாகாணத்தில் பீடி சுற்றுவது பெரிய கிராமத் தொழில். சாகுபடிக் காலத்தில் கூலியாட்கள் பீடிக்குப் போய்விடுவதால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று கருதி, 1948இல் மாகாண அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றிற்று. குறிப்பிட்ட கிராமங்களில், சாகுபடிக் காலம் என்று அறிவித்த நாட்களில், அங்கே வசிக்கும் எவரும் பீடித் தயாரிப்பில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவிட அது அதிகாரம் தந்தது. 1950 ஜூன் 13இல் சாகர் ஜில்லாவின் துணைக் கமிஷனர் அப்படி ஓர் உத்தரவு பிறப்பித்தார். பீடி உற்பத்தி ஸ்தாபனம் ஒன்றின் சொந்தக்காரரும், பீடித் தொழிலாளி ஒருவரும் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

சட்டத்தின் நோக்கத்தில் குற்றம் காண நீதிமன்றம் முற்படவில்லை. யுத்தமும் பஞ்சமும் கண்ட தேசத்தில் தானிய உற்பத்தியைப் பெருக்க வேண்டுமென்பது பொதுநலனுக்குரியதே. அமர்வின் சார்பில் தீர்ப்பெழுதிய நீதிபதி மஹாஜன் கேட்டது வேறு கேள்வி: அந்த நோக்கம் நிறைவேற இத்தனை பேரைத் தடுத்துத்தான் ஆக வேண்டுமா? வயலில் இறங்க இயலாத முதியோரும் அங்கஹீனரும், வயல் வேலையைத் தங்கள் தொழிலாகவே கொள்ளாதவர்களும் பீடி சுற்றுவதைத் தடுப்பதால் வயலுக்கு ஓர் ஆள்கூட அதிகமாகக் கிடைக்கப்போவதில்லை. வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைத்துத் தொழில் நடத்தவும் முதலாளிக்கு வழியில்லாமல் போயிற்று. சாகுபடிக் காலத்தில் வயலுக்குரிய கூலியாட்களைப் பீடி வேலையில் அமர்த்துவதை மட்டும் கட்டுப்படுத்தியிருக்கலாம். பீடி வேலை நேரத்தை ஒழுங்குபடுத்தியிருக்கலாம். அவற்றை விட்டுவிட்டு எல்லாரையும் ஒரே மூச்சில் தடுத்தது, பொதுநலனுக்குத் தேவையான அளவை மீறியது என்பது தீர்ப்பு. நியாயமான கட்டுப்பாடு என்பது தன்னிச்சையானதாகவும் தேவைக்கு மிஞ்சியதாகவும் இருக்கலாகாது; அதன் பின்னே யோசனையும் கவனமும் இருக்க வேண்டும் என்ற கருத்து அன்று நிலைபெற்றது.

இதன் பிறகு 1952இல் சென்னையிலிருந்து சென்ற வி. ஜி. ராவ் வழக்கில், தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, நியாயத்தன்மையை அளப்பதற்குக் கவனிக்க வேண்டியவை எவை என்று கூறினார்: பாதிக்கப்படும் உரிமையின் இயல்பு, கட்டுப்பாட்டின் உள்நோக்கம், நீக்க வேண்டிய தீங்கின் அளவும் அவசரமும், கட்டுப்பாடு அந்தத் தீங்குக்கு மிஞ்சி நிற்கிறதா என்பது, அப்போதைய நிலைமை. அது சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய வழக்கேயாயினும், தொழில் வழக்குகளிலும் இன்றுவரை அதுவே வழிகாட்டி. 2016இல் மாடர்ன் டெண்டல் காலேஜ் வழக்கில் இதே எண்ணத்தை நான்கு கேள்விகளாக ஒழுங்குபடுத்தினார்கள். நோக்கம் தகுந்ததா, கையாண்ட வழி அந்த நோக்கத்தோடு சம்பந்தமுள்ளதா, அதே பலனைத் தரக்கூடிய, உரிமையைக் குறைவாகப் பாதிக்கும் வேறு வழி இல்லையா, கிடைக்கும் நன்மைக்கும் இழக்கும் உரிமைக்கும் இடையே பொருத்தமான அளவு இருக்கிறதா. இதை விகிதாச்சாரச் சோதனை என்கிறோம்.

நம் வினாவில் முதலிரண்டு கேள்விகளும் அரசாங்கத்துக்குச் சாதகம். காலராவைத் தடுப்பது தகுந்த நோக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என 47 ஆம் ஷரத்தே சொல்கிறது. எல்லாச் சாற்றையும் தடுத்தால் அசுத்தமான சாறும் தடுக்கப்படும் என்ற அளவில் சம்பந்தமும் இருக்கிறது. வழக்கு முழுவதும் மூன்றாவது கேள்வியில் தங்குகிறது. இங்கே அரசாங்கத்தின் பலமான வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துச் சொல்லாத விடை, விடையாகாது.

அந்த வாதம் இது. மீன் பனிக்கட்டியும் குடிநீர்ப் பனிக்கட்டியும் கண்ணுக்கு ஒன்றே. பெரிய பாளங்களாக வருவதை, கோணிச் சாக்கில் சுற்றி, உமியோ மரத்தூளோ தூவி வைத்து, வேண்டும்போது கட்டையால் அடித்து உடைத்துக்கொள்கிறார்கள். எந்தப் பாளம் எங்கிருந்து வந்தது என்று விற்கிறவருக்கே பல சமயம் தெரியாது. நீரை உறையவைப்பதால் அதிலுள்ள கிருமிகளெல்லாம் மடிந்துவிடுவதுமில்லை. சோதனைக்கூடத்தில் கிருமியை வளர்த்துக் கண்டுபிடிப்பதற்குள் நாட்கள் கழிந்துவிடும். முடிவு வரும்போது அந்தப் பனிக்கட்டி உருகி, சாறும் குடிக்கப்பட்டு, நோயும் பரவிவிட்டிருக்கும். வீதிதோறும் நிற்கும் வண்டிகளைச் சோதிக்க எத்தனை சுகாதார ஆய்வாளர்கள் வேண்டும்? மேற்பார்வையே சாத்தியமில்லாத இடத்தில் தடைதான் ஒரே மருந்து. நேர்மையாகச் சொன்னால், இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. உயிரோடு விளையாடுகிற ஒரு தீங்கைப் பற்றி அரசாங்கம் தயங்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் விரும்பாது.

ஆனால் வாதத்தைக் கூர்ந்து பார்த்தால், அது நிரூபிப்பது வண்டியண்டை நின்று மேற்பார்க்க முடியாது என்பதை மட்டுமே. பனிக்கட்டி புறப்படுகிற இடத்தில் மேற்பார்க்க முடியாது என்பதை அது நிரூபிக்கவில்லை. வண்டிகள் எண்ணற்றவை, பனிக்கட்டித் தொழிற்சாலைகள் எண்ணத்தக்கவை. மீன் பனிக்கட்டிக்குத் தொழிற்சாலையிலேயே நீல நிறம் ஏற்றிவிட்டால், சோதனைக்கூடமும் வேண்டாம், காத்திருக்கும் நாட்களும் வேண்டாம். வண்டிக்காரரும், வாங்கிக் குடிப்பவரும், வீதியில் போகும் ஆய்வாளரும் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வார்கள். இது கற்பனையான யோசனையுமன்று: உண்ணத் தகாத பனிக்கட்டியை நீல நிறமாக்கித் தயாரிக்க வேண்டும் என்று மகாராஷ்டிரத்தில் 2018இல் உத்தரவு போடப்பட்டது. நிறமேற்றாமல் ஏமாற்றும் தொழிற்சாலையும் இருக்கலாம் என்பது உண்மை. அந்தத் தொழிற்சாலைக்குத் தண்டனை விதிப்பதை விட்டுவிட்டு, அதனிடம் ஏமாந்த வண்டிக்காரரின் பிழைப்பை அழிப்பதற்கு அது காரணமாகாது.

இங்கேதான் நிபுணர் குழுவின் அறிக்கை வழக்கின் உயிர்நாடியாகிறது. கட்டுப்பாட்டினால் போதாது, தடைதான் வேண்டும் என்று ஒரு குழு சொல்லியிருந்து அரசாங்கம் அதன்படி நடந்திருந்தால், நீதிமன்றம் தன் அபிப்பிராயத்தை நிபுணரின் அபிப்பிராயத்துக்கு மேலாக வைக்காது. தமிழ்நாட்டு அரசு 2018இல் உத்தரவிட்டு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமல் செய்த, ஒருமுறை உபயோகித்து எறியும் பொருள்களுக்கான தடையில் காகிதக் கோப்பைகளும் சேர்ந்திருந்தன. தயாரிப்பாளர் சங்கம் தொடுத்த வழக்கில், உள்ளே பிளாஸ்டிக் படலம் பூசிய அந்தக் கோப்பைகளின் கேட்டைப் பற்றிய ஆதாரங்களைப் பார்த்து, 2023இல் உச்ச நீதிமன்றம் தடையை நியாயமான கட்டுப்பாடு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே தீர்ப்பில், நெய்யாத துணிப்பைகளைப் பற்றி, மத்திய விதிகள் பின்னர் மாறியிருப்பதை முன்னிட்டு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் மறுபடி ஆலோசிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிற்று. ஒரே உத்தரவிலுள்ள இரண்டு தடைகளுக்கு இருவேறு கதி ஏற்பட்டதிலிருந்து, ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய ஆதாரத்தை நீதிமன்றம் தனியே தேடுகிறது என்பது விளங்கும்.

அதற்கு மறுபுறத்தில் நிற்பது 2020 மார்ச்சில் தீர்ந்த இன்டர்நெட் அண்ட் மொபைல் அசோசியேஷன் வழக்கு. மெய்நிகர் நாணய வியாபாரத்தோடு வங்கிகள் எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அப்படி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அந்த வியாபாரத்தால் தன் மேற்பார்வையிலுள்ள வங்கிகளுக்கு எந்தச் சேதம் நேர்ந்தது என்பதை ரிசர்வ் வங்கி காட்டவில்லை, குறைந்த கடுமையுள்ள வழிகளையும் ஆலோசிக்கவில்லை என்று சொல்லி, உத்தரவை ரத்து செய்தது. நம் வினாவில் தீங்கு நேர்ந்தது உண்மை. அந்த வகையில் அரசாங்கம் ரிசர்வ் வங்கியை விட நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் மாற்று வழிகளைப் பொறுத்தவரையில் அதன் நிலை இன்னும் மோசம். ரிசர்வ் வங்கி மாற்று வழிகளை யோசிக்கத் தவறிற்று; இங்கே தன் நிபுணர்களே எழுதித் தந்த மாற்று வழிகளைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கியிருக்கிறது.

இதோடு தடையின் விரிவையும் காட்ட வேண்டும். நோய் கண்டது மூன்று மாவட்டங்களில், கோடையில். தடை மாநிலம் முழுவதும், எக்காலத்துக்கும். தீங்கு பனிக்கட்டியில், தடை பனிக்கட்டி சேராத சாற்றுக்கும். பீடி வழக்கில் வயலுக்குப் போக முடியாத முதியவரைத் தடுத்தது போலவே, இங்கே ஒரு கட்டிப் பனியும் சேர்க்காமல் ஆரஞ்சு பிழிந்து தருகிறவரையும் சட்டம் தடுக்கிறது. அவரை நிறுத்துவதால் காலரா எவ்வளவு குறையும் என்று கேட்டால், சிறிதும் குறையாது என்று அரசாங்கத்தின் குழுவே பதில் சொல்லியிருக்கிறது. மூன்றாவது கேள்வியில் சட்டம் தோற்றுவிடுவதால் நான்காவதற்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. போனாலும், நன்மை சிறிதும் கூடாத இடத்தில் ஜீவனோபாயத்தை முழுதும் பறிப்பது அளவுக்குப் பொருந்தாது என்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

5 ஆம் பிரிவின் விலக்கை 14 ஆம் ஷரத்தின் கீழ் ஆராய்வது எளிது. மகாராஷ்டிரத்தில் 2005இல் மதுக்கூடங்களில் நடனத்தைத் தடை செய்தபோது, மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்களித்தார்கள். ஒரே செயல் ஓரிடத்தில் ஒழுக்கக்கேடாகவும் மற்றோரிடத்தில் அப்படியல்லாததாகவும் ஆவது எங்ஙனம் என்று கேட்டு, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. தடையையே தொழில் சுதந்திரத்துக்கும் விரோதம் என்றது. நம் வினாவில் அரசாங்கம் சற்று நல்ல வாதம் செய்ய முடியும்: ஒழுக்கம் இடத்துக்கு இடம் மாறாவிட்டாலும், சுகாதார வசதி மாறும், பெரிய ஓட்டல்கள் தங்கள் பனிக்கட்டியைத் தாங்களே சுத்திகரித்த நீரில் தயாரிக்கின்றன என்று அது சொல்லலாம். அப்படியானால் விலக்கு, சுத்தமான பனிக்கட்டி தயாரிப்போருக்கு என்று இருந்திருக்க வேண்டும்; அதே வசதி வைத்திருக்கும் சிறிய கடையை விட்டுவிட்டு, அறை வசதியையும் உபசாரத்தையும் பொறுத்துத் தரப்படும் நட்சத்திரத்தைச் சட்டம் அளவுகோலாக்கியதால், வகுப்புப் பிரிவினைக்கும் நோக்கத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது.

கடைசியாகப் பரிகாரம். இங்கே ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. விலக்கு சமத்துவத்துக்கு விரோதமென்றால், 5 ஆம் பிரிவை மட்டும் நீக்கினால் போதாதா என்று அரசாங்கம் கேட்கலாம். அப்படிச் செய்தால் தடை நட்சத்திர ஓட்டல்களுக்கும் விரிவடையுமேயன்றி, வண்டிக்காரருக்கு ஒரு தம்ளர் சாறு விற்கும் உரிமைகூடத் திரும்பி வராது. ஆகவே மனுதாரர் முதன்மையாக நிற்க வேண்டியது 19(1)(ஜி)யின் மேல். 14 ஆம் ஷரத்து துணை வாதம். அடுத்து, 3 ஆம் பிரிவில் ‘பனிக்கட்டி சேர்க்காவிட்டாலும்’ என்பதை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் காப்பாற்றலாமா என்று கேட்கப்படும். சட்டத்தின் கெட்ட பகுதியைப் பிரிக்க முடிகிறதா, பிரித்தபின் எஞ்சுவது சட்டமன்றம் இயற்றியிருக்கக்கூடிய சட்டம்தானா என்பதே 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் வகுத்த அளவை. சொற்களை வெட்டினாலும், குடிநீர்ப் பனிக்கட்டி சேர்த்த சாற்றை எஞ்சியது தடுத்துக்கொண்டேயிருக்கும். அதுவும் தேவைக்கு மிஞ்சியதே. மீன் பனிக்கட்டியை மட்டும் தடுக்கும்படி 3 ஆம் பிரிவைத் திருத்தி எழுதுவது சட்டமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலையன்று. பீடி வழக்கிலும், அரசியல் சட்டம் அனுமதியாத விதத்தில் பயன்படக்கூடிய சாத்தியம் நீங்காத வரையில் முழுவதும் செல்லாது என்றே தீர்ப்பாயிற்று. ஆகவே 3 ஆம் பிரிவும், அதைச் சார்ந்து நிற்கும் 4 ஆம் பிரிவும், 5 ஆம் பிரிவும் 13 ஆம் ஷரத்தின்படி செல்லாதவை. பறிமுதலான வண்டிகளையும் இயந்திரங்களையும் திருப்பித் தரும்படி, 226 ஆம் ஷரத்தின் கீழ் உயர் நீதிமன்றத்திலோ 32 ஆம் ஷரத்தின் கீழ் உச்ச நீதிமன்றத்திலோ கேட்கலாம்.

இந்த ஆலோசனையில் அரசாங்கத்துக்கு எஞ்சியிருப்பதையும் குறிப்பிட்டுவிட வேண்டும். நோய் கண்ட மாவட்டங்களில், நோய் நீடிக்கும் வாரங்களுக்கு மட்டும், பனிக்கட்டி சேர்த்த திறந்த பானங்களை நிறுத்திவைக்கும் உத்தரவை மனுதாரர்கள் எதிர்த்தால், அவர்கள் வெற்றி பெறுவது அரிது. தீங்கின் அவசரம் அப்போது தராசின் மறுதட்டில் வந்து உட்காரும். நிறமேற்றலையும் தனி வண்டிகளையும் ஒரு கோடை முழுவதும் நேர்மையாக அமல் செய்து பார்த்து, அதற்குப் பிறகும் நோய் அதே வழியில் பரவியதென்று ஆதாரத்தோடு காட்டி அரசாங்கம் மறுபடி ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தால், அந்த வழக்கில் மூன்றாவது கேள்விக்கு நீதிமன்றம் தரும் பதில் இன்றையதாக இராது. அப்போது கரும்புச்சாறு வியாபாரிக்கு இதே நம்பிக்கையோடு ஆலோசனை கூற எந்த வக்கீலாலும் முடியாது.